ஃபில்டர் என்று தெரிந்தும் ஏன் அழுகிறாள்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. டியூஷனுக்காக வாங்கிக் கொடுத்த போனில் ஒரு வருஷமாக இன்ஸ்டாகிராம் பார்க்கிறாள். நான்கைந்து மாதமாகக் கண்ணாடி முன் நின்று, "என் மூக்கு பெருசா, அசிங்கமா இருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்கிறாள். இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறாள். நடிகைகளைப் பார்த்து ஏங்கினால்கூட எனக்குப் புரியும். இவளோ கூடப் படிக்கிற பெண் போடும் படங்களைப் பார்த்துவிட்டு அழுகிறாள். "அது ஃபில்டர்டி" என்றால் "தெரியும்மா" என்கிறாள். தெரிந்தும் அழுகிறாள். போனை உடைத்துவிடுவேன் என்று அவள் அப்பா நிற்கிறார். பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த இரண்டு இட்லியைப் பற்றிப் பேசிவிடுவோம். மூக்கு, போன், தோழி எல்லாம் இரண்டு மூன்று வாரம் பொறுக்கும். சாப்பாடு பொறுக்காது. இந்த வாரமே நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். பள்ளிச் சீருடை இடுப்பில் தொளதொளவென்று ஆகியிருக்கிறதா? மாதவிடாய் இரண்டு மூன்று மாதமாகத் தவறியிருக்கிறதா? சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நேரம் எடுக்கிறாளா? காலையில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறது என்கிறாளா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். எடையை அங்கேயே பார்க்கட்டும். இதற்காக வீட்டுக்கு ஒரு எடை மெஷின் வாங்கிவிடாதீர்கள், அது இன்னொரு கண்ணாடியாகிவிடும். நான்குக்கும் இல்லை என்றால் இரவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவள் தட்டில் எத்தனை என்று மட்டும் எண்ணாதீர்கள்.

சரி, இனி அந்தத் தோழி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த வரிதான். நடிகையை விட்டுவிட்டுக் கூடப் படிக்கிற பெண்ணைப் பார்த்து ஏன் அழ வேண்டும் என்பது உங்களுக்குப் புதிராக இருக்கிறது. மனநலத் தொழிலில் இருக்கும் நாங்கள் எதிர்பார்ப்பதே இதைத்தான்.

1954-இல் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு என்று இன்று பாடப் புத்தகங்களில் இருப்பது அங்கிருந்து வந்ததுதான். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள மனிதர்களுக்கு ஒரு தவிப்பு இருக்கிறது என்கிறார் அவர். அளக்க ஒரு கோல் கிடைத்தால் அதை வைத்து அளந்துகொள்வார்கள். கோல் இல்லாத இடத்தில், பக்கத்தில் இருக்கிற இன்னொரு ஆளையே கோலாக ஆக்கிக்கொள்வார்கள். உங்கள் மகளின் உயரத்துக்கு டேப் இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கு மதிப்பெண் இருக்கிறது. மூக்கு லட்சணமாக இருக்கிறதா என்று பார்க்கிற டேப் எந்தக் கடையில் கிடைக்கும்? அதனால்தான் அழகு விஷயம் முழுக்க முழுக்க அடுத்தவர் முகத்தை வைத்தே அளக்கப்படுகிறது.

அப்படியானால் யாரைப் பக்கத்தில் நிறுத்துவோம்? தன்னைப் போல இருப்பவரை. ஃபெஸ்டிங்கர் சதுரங்கத்தை உதாரணம் காட்டுகிறார். இப்போதுதான் காய் நகர்த்தப் பழகுகிறவன் தன்னைப் பெரிய மாஸ்டர்களோடு வைத்துப் பார்க்க மாட்டான். அவனோடு சேர்ந்து கற்றுக்கொள்ள வந்தவன் ஜெயித்தால்தான் அவனுக்கு உறைக்கும். உங்கள் மகளுக்கு அந்தத் தோழி அப்படிப்பட்டவள். அதே வயது, அதே வகுப்பு, அதே வெயிலில் நின்று அதே பிரேயர். எல்லாம் ஒன்றாக இருக்கும்போது முகம் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி கூர்மையாக வந்து குத்துகிறது. அதோடு ஒப்பீடு தன்னைவிடக் கொஞ்சம் மேலே இருப்பவரை நோக்கியே இழுக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவர் அதைச் சொன்னது திறமையைப் பற்றி. அழகிலும் அந்த இழுப்பு இருப்பதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம். வகுப்பில் நாற்பது பெண்கள் இருந்தால் உங்கள் மகளின் கண் போய் நிற்பது ஒருத்தியிடம்தான் இருக்கும். மற்ற முப்பத்தொன்பது பேரின் மூக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு ஞாபகமே இருக்காது.

ஆனால் அழகு விஷயத்தில் ஃபெஸ்டிங்கர் சொன்னது அப்படியே பொருந்திவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடிகைகளோடு யாரும் தங்களை ஒப்பிட மாட்டார்கள் என்றுதான் அவர் கணக்குப்படி வர வேண்டும். நடப்பு அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 138 மாணவிகளிடம் ஒரு சோதனை செய்து 2016-இல் வெளியிட்டார்கள். சிலருக்குப் பிரபலங்களின் இன்ஸ்டாகிராம் படங்கள், சிலருக்கு யாரென்றே தெரியாத சாதாரணப் பெண்களின் அழகான படங்கள், சிலருக்குச் சுற்றுலாப் படங்கள். சுற்றுலாப் படம் பார்த்தவர்களைவிட மற்ற இரண்டு குழுவினரும் தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்தார்கள். பிரபலம், சாதாரணப் பெண் என்ற வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு பிரபலத்தின் படம் செய்கிற வேலையை, பக்கத்துத் தெருப் பெண்ணின் படமும் அதே அளவுக்குச் செய்கிறது.

நான் பார்க்கிற பிள்ளைகளிடம் தெரிவது இது: நடிகை என்றால் மனசுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். அவருக்கு மேக்கப் போட ஆள் இருக்கிறது, லைட் பிடிக்க ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தோழி விஷயத்தில் அந்தச் சாக்கு இல்லை. "அவகிட்டயும் என்கிட்ட இருக்கிற மாதிரி போன்தானே?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளே அழுதுவிட்டாள்.

இப்போது அந்த "தெரியும்மா".

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்தான். ஆனால் மனசு வேலை செய்கிற வரிசையில் அந்த அறிவு பின்னால் வருகிறது. 1995-இல் டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளரும் அவரோடு இரண்டு பேரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தேர்வை இன்னொருவர் எழுதுவதை வீடியோவில் காட்டினார்கள். அவருடைய மதிப்பெண்ணை வைத்து உங்களை எடைபோட முடியாது, அவருக்கு ஏற்கனவே பயிற்சி கொடுத்துவிட்டோம் என்பது போன்ற விவரத்தையும் சொல்லிவிட்டார்கள். கேட்டவர்களுக்கு நியாயம் புரிந்தது. மனசு ஓய்வாக இருந்தவர்கள் அந்த ஒப்பீட்டைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டார்கள். ஆனால் பார்க்கும்போதே மனசுக்கு வேறொரு வேலையும் கொடுக்கப்பட்டவர்களால் அது முடியவில்லை. ஒப்பிடுவது நியாயமில்லை என்று தெரிந்தும் தங்களை அவரோடு வைத்தே எடைபோட்டுக்கொண்டார்கள். ஆக ஒப்பீடு தானாக முதலில் நடந்துவிடுகிறது. அதைக் கலைப்பது இரண்டாவது வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு நேரமும் மனசில் கொஞ்சம் இடமும் வேண்டும்.

உங்கள் மகள் படம் பார்க்கும் விதத்தை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கட்டைவிரல் ஒரு படத்தில் ஒன்றிரண்டு விநாடிதான் நிற்கும். "இது ஃபில்டர், இதை நம்பக் கூடாது" என்று மனசு வாயைத் திறப்பதற்குள் அடுத்த முகம் வந்துவிடும். அதற்கும் முதல் வேலை நடக்கும், இரண்டாவது வேலை பாக்கி நிற்கும். அரை மணி நேரத்தில் பாக்கி எவ்வளவு சேரும் என்று பாருங்கள். அவளிடம் "எந்தப் படத்தைப் பார்த்து அழுதே?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மொத்தமாக ஒரு கசப்பு மட்டும் தங்கியிருக்கும். கில்பர்ட்டின் சோதனையை இன்ஸ்டாகிராமுக்குப் பொருத்துவது என் கணிப்பு. அவர் அதைச் செய்த காலத்தில் இன்ஸ்டாகிராம் கிடையாது. ஆனால் என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

இன்னொன்று, அவளுக்குத் தெரியும் என்று நினைப்பது முழுசாகத் தெரியாது. நெதர்லாந்தில் 14 முதல் 18 வயதுள்ள 144 பெண்பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராம் செல்ஃபிகளைக் காட்டிய ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு அசல் படங்கள், மற்றவர்களுக்கு அதே படங்களைத் திருத்தியவை. ஃபில்டர் போட்டிருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இடுப்பையும் காலையும் மெலிதாக்கியிருந்ததை அவ்வளவாகக் கண்டுபிடிக்கவில்லை. திருத்திய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடலைப் பற்றிய எண்ணம் தாழ்ந்தது. அதிலும் யாருக்கு அதிகம் என்றால், எப்போதும் அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு. அந்தச் சுபாவம் இல்லாத பிள்ளை அதே படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாமல் சாப்பிடப் போகிறது. உங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்து, "அவளும்தானே போன் பார்க்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நீங்கள் நினைத்திருந்தால், அதற்கு இதுதான் விடை.

இதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். "அது ஃபில்டர்டி" என்பதை நிறுத்திவிடுங்கள். படத்தின் கீழேயே இது நிஜமில்லை என்று குறிப்பு எழுதிக் காட்டிக்கூடப் பார்த்துவிட்டார்கள், பெண்களின் மனக்குறை குறையவில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்கிற பிள்ளைக்கு, "இவ்வளவு தெரிந்தும் அழுகிற நான் முட்டாள்" என்று இன்னொரு குறை சேர்வதுதான் மிச்சம்.

"நீ அழகுதான்டி கண்ணு" என்பதும் பெரிய பலன் தராது. அம்மா அப்படித்தான் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். தவிர, அதே தராசில் அவளை மறுபடி ஏற்றி வைத்து, முள் உன் பக்கம்தான் சாய்கிறது என்கிறீர்கள். அதற்குப் பதிலாகக் கட்டைவிரலை நிறுத்துங்கள். ஒரே ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா கேளுங்கள். இது எங்கே எடுத்தது? யார் எடுத்தது? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? இதற்கு முன்னால் எத்தனை எடுத்திருப்பாள்? பதில் சரியா தப்பா என்பது முக்கியமில்லை. ஒரே படத்தில் இரண்டு நிமிஷம் தங்கினால் மனசின் அந்த இரண்டாவது வேலை தானாக நடக்கும். வாரத்தில் இரண்டு தடவை போதும், தினமும் செய்தால் அது டியூஷன் ஆகிவிடும்.

அடுத்தது மூக்கு. இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதினாறு வயது. கொரோனா முடிந்து எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் இவள் கழற்றவில்லை. சளி, தூசி என்று ஏதாவது சொல்வாள். மூன்றாவது சந்திப்பில் போன் கேலரியைத் திறந்து காட்டச் சம்மதித்தாள். ஒரு கல்யாண ரிசப்ஷன் அன்று மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து நாற்பது நிமிஷத்தில் எடுத்த செல்ஃபிகள் 47. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கி, தாடையைக் கொஞ்சம் இழுத்து, நிறத்தை ஏற்றிப் போட்டிருந்தாள். லைக் நிறைய வந்திருந்தது. சந்தோஷப்பட்டாயா என்றேன். "இல்ல மேடம். நேர்ல பாக்கிறவங்க ஏமாந்துடுவாங்கல்ல?" என்றாள்.

எனக்கு மாஸ்க் அப்போதுதான் புரிந்தது. அவள் தன்னை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது எந்தத் தோழியோடும் இல்லை, தானே திருத்திப் போட்ட தன் முகத்தோடு. ஃபெஸ்டிங்கர் கணக்குப்படி பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது, நூற்றுக்கு நூறு தன்னைப் போல இருப்பவள். கனடாவில் 2018-இல் வெளிவந்த ஒரு சோதனையில், செல்ஃபி எடுத்துப் போடச் சொன்ன கல்லூரிப் பெண்கள், போடாதவர்களைவிடப் பதற்றமாகவும் தங்கள் அழகில் நம்பிக்கை குறைந்தும் இருந்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்துத் திருத்திக்கொள்ள அனுமதி கொடுத்தும் அது மாறவில்லை. ஆகவே உங்கள் மகளிடம் தோழியின் படங்களைப் பற்றி விசாரிப்பதோடு நிறுத்தாமல், அவள் தன்னை எத்தனை படம் எடுக்கிறாள், எத்தனை நேரம் திருத்துகிறாள் என்பதையும் தெரிந்துகொள்ளப் பாருங்கள். கேலரியைத் திருட்டுத்தனமாகத் திறக்காதீர்கள், கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணோடு நாங்கள் செய்த ஒரு சின்ன வேலையை நீங்கள் வீட்டில் செய்யலாம். முதலில் அவளே வழக்கம்போல ஒரு செல்ஃபி எடுக்கட்டும், முகத்திலிருந்து போன் ஒரு அடி தள்ளி, அதாவது 30 செ.மீ. பிறகு நீங்கள் ஐந்து அடி, ஒன்றரை மீட்டர், தள்ளி நின்று, ஜூம் செய்து, முகம் அதே அளவுக்குத் தெரியும்படி இன்னொன்று எடுங்கள். இரண்டிலும் ஃபில்டர் வேண்டாம், வெளிச்சமும் அதேதான். இரண்டு படத்தையும் முகத்தின் அகலம் திரையில் 60 மி.மீ. வரும்படி பெரிதாக்கிவிட்டு, ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை வைத்து மூக்கின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்குச் செல்ஃபியில் 21 மி.மீ. வந்தது. தள்ளி நின்று எடுத்ததில் 17.

மாயமில்லை, பத்தாம் வகுப்புக் கணக்குதான். 30 செ.மீ. செல்ஃபியில் மூக்கு நுனி காமிராவிலிருந்து 30 செ.மீ. இருக்கிறது, காதுப் பக்கம் ஒரு 12 செ.மீ. பின்னால், 42-இல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், எனவே மூக்கு 42-ஐ 30-ஆல் வகுத்த அளவு, 1.4 மடங்கு ஊதிக் காட்டும். ஒன்றரை மீட்டரில் 162-ஐ 150-ஆல் வகுத்தால் 1.08 மடங்குதான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 30 சதவீத வித்தியாசம். அமெரிக்காவில் ஒரு முக அறுவை மருத்துவரும் கூட இருந்தவர்களும் 2018-இல் வெளியிட்ட கணக்கீட்டிலும் ஒரு அடி தூரத்துச் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்றே வந்தது. செல்ஃபியைக் காட்டி மூக்கைக் குறைக்கச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என் பிரெண்ட் செல்ஃபியிலயும் மூக்கு பெருசா தெரியணுமே?" என்று கேட்டாள். உங்கள் மகளும் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் அவளும் திருத்தியிருப்பாள், அல்லது வேறு யாரையாவது தள்ளி நின்று எடுக்கச் சொல்லியிருப்பாள். நம் கைக்கு வருவது அந்த வேலையெல்லாம் முடிந்த படம். வேலை நடந்ததைப் படம் சொல்லாது.

இதனால் மூக்குக் கவலை அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் பொய். மாஸ்க் கழற்ற நான்கு மாதம் ஆனது. ஆனால் மூக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல அவளிடம் ஒரு டேப் வந்துவிட்டது, இன்னொரு முகத்தை வைத்து அளப்பது அதற்கப்புறம் கொஞ்சம் குறைந்தது.

ஆபரேஷன் பேச்சுக்கு நீங்கள் பதறி மறுக்க வேண்டாம், உடனே விசாரிக்கவும் வேண்டாம். முகம் வளர்ந்து முடியும்வரை பொறுக்கத்தான் மருத்துவர்களும் சொல்வார்கள். அதுவரை ஒன்றைக் கவனியுங்கள். மூக்கைப் பற்றிய யோசனை, கண்ணாடி பார்ப்பது, மறைப்பது எல்லாம் சேர்ந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? அதற்காகப் பள்ளிக்கு, விசேஷத்துக்கு வர மறுக்கிறாளா? அப்படியென்றால் அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்ற மனநோயாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்கும். அதற்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் உண்டு, நன்றாக வேலை செய்கின்றன. அந்த நோய் இருக்கும்போது ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் திருப்தி அடைவதில்லை, கவலை அதே இடத்தில் நிற்கும் அல்லது அடுத்த உறுப்புக்கு நகரும். உங்கள் ஊரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இப்போது அவள் அப்பாவுக்கு. போனை உடைத்தால் நாளைக்குப் பள்ளியில் அந்தத் தோழி நேரில் உட்கார்ந்திருப்பாள், மற்றவர்கள் போனில் அதே படங்களை இவள் எட்டிப் பார்ப்பாள். கூடவே உங்களிடம் எதையும் சொல்லாமல் இருக்கவும் பழகிக்கொள்வாள். குறைப்பது வேறு, பிடுங்குவது வேறு. கனடாவில் 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 17 முதல் 25 வயதுள்ள 220 மாணவர்களில் ஒரு பகுதியினரை மூன்று வாரம் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்கள், தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தவர்கள். மூன்று வாரம் கழித்துத் தோற்றத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் அவர்கள் எண்ணம் முன்னேறியது. குறைக்காதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் மகள் அவர்களைவிடச் சின்னவள், அவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள். ஆனாலும் ஒரு மணி நேரம், மூன்று வாரம் என்பது வீட்டில் முயன்று பார்க்கக்கூடிய அளவு.

அவளோடு உட்கார்ந்து போன் செட்டிங்ஸில் Digital Wellbeing-ஐத் திறந்து, இன்ஸ்டாகிராமுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று முதலில் பாருங்கள். திட்டாமல் பார்க்க வேண்டும், அதுதான் கஷ்டம். பிறகு ஒரு மணி நேரம் என்று அவளையே அங்கே குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் படுக்கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, முகத்துக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு, தூக்கம் வரும்வரை பார்க்கிற நேரம்தான் ரொம்ப மோசம். மனசு களைத்துப்போய் அந்த இரண்டாவது வேலையைச் செய்யத் தெம்பில்லாமல் இருக்கும். இரவு ஒன்பதரைக்குப் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். அப்பா போனும் அங்கேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது நடக்காது.

தோழியை அன்ஃபாலோ செய்யச் சொல்லாதீர்கள். இரண்டே நாளில் அது வகுப்பு முழுக்கப் பேச்சாகிவிடும். தோழியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, Following என்பதைத் தொட்டு, Mute-க்குள் போய், Posts, Stories இரண்டையும் தேர்ந்தெடுத்தால் போதும். அவள் படங்கள் தானாக வந்து முன்னால் நிற்காது, அவளுக்கும் தெரியாது. நட்பு அப்படியே இருக்கும். இதே மாதிரி முகம் பார்த்துச் சுணங்க வைக்கிற ஐந்து பேரை உங்கள் மகளே தேர்ந்தெடுக்கட்டும், பெயர்களை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் வீட்டுப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. போன் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் இந்தத் தராசு இருந்தது. விசேஷத்துக்குப் போனால் "என்ன இப்படிக் கறுத்துட்டே?", "அக்கா மாதிரி உனக்கு முகவெட்டு இல்லையே" என்று பாசமாகவே சொல்லும் அத்தைகளும் சித்திகளும் நமக்கு உண்டு. அவர்களை மாற்ற முடியாது. அந்த இடத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பிள்ளை அதைக் கவனிப்பாள். அதேபோல "குண்டாயிட்டேன், புடவையே நிக்கல" என்று கண்ணாடி முன் நீங்கள் உங்களைப் பற்றிச் சலித்துக்கொள்வது உண்டா? எனக்கு இருந்தது. என் மகள் ஒரு நாள் அதே தொனியில் தன்னைப் பற்றிச் சொன்னபோதுதான் நிறுத்தினேன்.

ஆண்பிள்ளை இருந்தால் அவனையும் ஒரு கண் பாருங்கள். அவர்களுக்கு மூக்குக்குப் பதில் புஜமும் வயிற்றுக் கட்டும். உடம்பு ஏற்றுகிற பவுடர் டப்பா ஏதாவது அலமாரிக்கு வந்தால் என்னவென்று கேளுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு குறிப்பு எடுங்கள். அடுக்களை காலண்டரில், மூக்கைப் பற்றி அவள் பேச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதியில் பென்சிலால் ஒரு புள்ளி. அவளிடம் சொல்ல வேண்டாம். முதல் வாரம் குறையாது, கூடவும் செய்யலாம். மூன்றாவது வாரத்துப் புள்ளிகள் முதல் வாரத்தில் பாதியாக இருந்தால் இதே ஏற்பாட்டை அரையாண்டுத் தேர்வு வரை ஓட்டுங்கள். குறையவே இல்லை என்றால் அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தப் புள்ளிகள் அவருக்கு உதவும்.